ஒத்தி வீட்டில் இருப்பவருக்கு எழுதும் முதல் வரி

மதுரை ஆனையூர்ப் பக்கம் 25 சென்ட் நிலத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக்கு பிரசுரம் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. கீழே வண்டி நிறுத்த இடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் 24. கட்டுபவர் டிசைன் கடையில் அடித்த மாதிரியை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். முன்பக்கத்தில் இப்படி இருந்தது:

“வாடகைக் காசில் சொந்த வீடு! 850 சதுர அடி டபுள் பெட்ரூம் வெறும் 29.75 லட்சம் முதல்*. மாட்டுத்தாவணிக்கு 15 நிமிடம். ரெரா அப்ரூவ்டு.”

இந்த நான்கு வாக்கியமும் எல்லா ஊர் பிரசுரத்திலும் இருப்பவைதான். ஆனால் முதல் தடவையாக வீடு வாங்குகிற மதுரைக் குடும்பத்தின் கையில் இதைக் கொடுத்தால் நான்குமே இடறுகின்றன. அதிலும் முதல் வரி அவர்களுக்குப் பொருந்தவே இல்லை. அது ஏன் என்று புரிந்துகொள்ள மூன்று ஞாயிற்றுக்கிழமை சைட் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன்.

வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இப்போது எங்கே, எப்படிக் குடியிருக்கிறீர்கள்? செல்லூர், வில்லாபுரம், கூடல்நகர் என்று ஊர் மாறினாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன பதில் ஒன்று: “ஒத்திக்கு இருக்கோம்.” வெளியூர் வாசகருக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். சில ஊர்களில் இதைப் போக்கியம் என்றும் லீஸ் என்றும் சொல்வார்கள்.

இப்போது அந்தத் தலைப்பை ஒத்தி வீட்டில் இருப்பவர் கண்ணால் படித்துப் பாருங்கள். வாடகைக் காசில் சொந்த வீடு. அவர் வாடகையே கட்டவில்லை. அவருக்கு மாதச் செலவில் வீடு என்ற கணக்கே கிடையாது. மாதத் தவணை என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அது அவருக்கு முழுக்க முழுக்கப் புதுச் சுமை. வாடகைக்கு இருப்பவருக்கும் அந்த வரி உண்மையாவதில்லை. அந்தப் பக்கம் டபுள் பெட்ரூமுக்கு 9, 10 ஆயிரம் கொடுப்பவர், இந்த வீட்டுக்கு 22 ஆயிரத்துக்கு மேல் தவணை கட்ட வேண்டும். சைட்டில் ஓர் அம்மா பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “தம்பி, எந்த ஊரு வாடகைய வச்சுப் போட்டிருக்கீக?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத தலைப்பை அச்சடிக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சரி, அப்படியென்றால் ஒத்தி வீட்டில் இருப்பவர் எதற்காகச் சொந்த வீடு தேடி வருகிறார்? வந்தவர்கள் சொன்ன காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒத்திக் காலம் முடியும்போது வீட்டுக்காரர் ஒத்தியைக் கூட்டிக் கேட்கிறார், இல்லையென்றால் மகனுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொல்கிறார். எட்டு வருடத்துக்கு முன் கொடுத்த 3 லட்சம் இன்றைக்கும் 3 லட்சம்தான். அதை எடுத்துக்கொண்டு போனால் இன்று அதே தெருவில் வீடு கிடைக்காது. ஆக, அவர் மனதில் ஓடுவது மாதக் கணக்கு இல்லை. வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும் அந்த மொத்தத் தொகைதான். தலைப்பு பேச வேண்டியது அந்தப் பணத்தைப் பற்றி.

அதைப் பேச வேண்டுமானால் முதலில் வீட்டின் முழு விலை தெரிய வேண்டும். கட்டுபவரோடு உட்கார்ந்து, அந்த நட்சத்திரக் குறிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். சதுர அடிக்கு 3,500 வீதம் 850க்கு 29.75 லட்சம். கார் நிறுத்த இடம் 1.75 லட்சம். மின் இணைப்பு, தண்ணீர், டெபாசிட் எல்லாம் 1.25 லட்சம். பராமரிப்பு முன்பணம் 50 ஆயிரம். இதுவரை 33.25 லட்சம்.

அப்புறம் வரி. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து, விலை 45 லட்சத்துக்குள் இருந்து உள்பரப்பும் வரம்புக்குள் இருந்தால் 1 சதவீதம், இல்லையென்றால் 5 சதவீதம். அந்த உள்பரப்பு வரம்பு சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டர், மற்ற ஊர்களில் 90. மதுரை இரண்டாவது வகை. அதனால் ஏறக்குறைய 968 சதுர அடி உள்பரப்பு வரை நம் ஊரில் 1 சதவீதத்துக்குள் வந்துவிடும். இந்த வீட்டுக்கு அது சுமார் 33 ஆயிரம். பத்திரச் செலவைப் பொறுத்தவரை, 2023 டிசம்பரில் வந்த மாற்றப்படி 50 லட்சம் வரையிலான புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். சுமார் 2 லட்சம். எல்லாம் கூட்டினால் 35.58 லட்சம்.

29.75 என்று படித்துவிட்டு வந்தவர் கடைசியில் கட்டப்போவது 35.58. கிட்டத்தட்ட 6 லட்சம் வித்தியாசம். வசதியான ஒருவர் மூன்றாவது வீடு வாங்கும்போது இந்த வித்தியாசம் எரிச்சலோடு போய்விடும். முதல் வீடு வாங்குபவருக்கு அந்த 6 லட்சம்தான் பத்து வருடச் சேமிப்பு. அட்வான்ஸ் கொடுத்த பிறகு அது தெரியவந்தால் நகை அடகுக்குப் போகும், இல்லையென்றால் வீடு கைவிட்டுப் போகும்.

கடன் எவ்வளவு கிடைக்கும் என்பது அடுத்தது. 30 லட்சத்துக்குள்ளான வீட்டுக் கடனுக்குச் சொத்தின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். இந்தக் கட்டடத்துக்குக் கடன் கொடுக்க வந்த வங்கிக்காரர் 29.75 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 26 லட்சம் வரை தரலாம் என்றார். 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய். 26 லட்சத்துக்கு மாதம் சுமார் 22,570. மீதி 9.58 லட்சம் குடும்பத்தின் கையிலிருந்து வர வேண்டும்.

இந்த 9.58 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு ஒத்தியின் சிக்கல் பிடிபட்டது. செல்லூரில் 5 லட்சம் ஒத்திக்கு இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர் உதிரிபாகக் கடையில் வேலை, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். இருவர் சம்பளமும் சேர்ந்து 48 ஆயிரம். சீட்டு எடுத்ததும் நகையுமாக 6.5 லட்சம் திரட்டலாம். ஒத்திப் பணத்தையும் சேர்த்தால் 11.5 லட்சம், தாராளமாகப் போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் ஒத்திப் பணம் வீட்டைக் காலி செய்தால்தான் வரும். புது வீட்டுச் சாவி கைக்கு வராமல் காலி செய்ய முடியாது. அதேசமயம், கடனை விடுவிக்கும் முன் உங்கள் பங்குப் பணத்தை முதலில் கட்டிவிட்டு வா என்று வங்கி சொல்லும். கடைசியில் வர வேண்டிய பணத்தை முதலிலேயே கேட்கிறார்கள்.

கட்டுபவர் இதைக் கவனிக்கவே இல்லை. சைட்டுக்கு வந்து வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்ணே” என்று போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு, விலை அதிகம் என்று நினைத்துவிட்டார்கள் என்பதே அவர் வைத்திருந்த காரணம். நான் கணக்கைப் பிரித்துக் காட்டினேன். 9.58 லட்சத்தில் முதலில் தேவைப்படுவது வங்கிக் கடன் போக வீட்டு விலையில் மீதி 3.75 லட்சம், பத்திரம் 2 லட்சம், வரி 33 ஆயிரம்; ஆக 6.08 லட்சம். கார் நிறுத்தம், இணைப்புகள், பராமரிப்பு ஆகிய 3.50 லட்சத்தை எப்படியும் சாவி கொடுக்கும்போதுதான் வாங்கப்போகிறார். அதைச் சாவி கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அந்த 30 நாளில் குடும்பம் புது வீட்டுக்கு வந்துவிடும், பழைய வீட்டைக் காலி செய்யும், ஒத்திப் பணம் கைக்கு வரும்.

“குடி வந்துட்டு குடுக்கலன்னா?” என்றார். நியாயமான பயம்தான். பின்தேதியிட்ட காசோலை ஒன்றை ஒப்பந்தத்தின்போதே வாங்கிக்கொள்ளலாம், ஒப்பந்தத்திலும் அந்த நிபந்தனையை எழுதிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். ஒருநாள் யோசித்துவிட்டு, 24 வீட்டில் 12 வீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை என்று ஒத்துக்கொண்டார்.

நல்ல தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது என்பது என் அனுபவம். எழுத்தை மெருகேற்றி வராது. விற்பவர் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சொல்வதற்கு உண்மையான ஒரு விஷயம் கிடைக்கும்.

சொற்களைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வீட்டுக்கு “மலிவு விலை” என்று போடச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். அரசுத் திட்டப் பெயர்களில் அந்தச் சொல் பழகிவிட்டதால் தவறாகத் தெரிவதில்லை. ஆனால் வீடு வாங்கும் குடும்பத்தில் மலிவு என்ற சொல் உடனே கம்பியையும் சிமென்ட்டையும் நினைவுபடுத்துகிறது. விலை குறைச்சிருக்கான் என்றால் எதில் குறைத்தான் என்ற சந்தேகம் வரும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மலிவுப் பொருள் வாங்க யாருக்கும் மனம் வராது. நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கட்டுபடி. காய்கறிக் கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரை நாம் “கட்டுபடியாகுமா, ஆகாதா” என்றுதான் பேசுகிறோம். அது பொருளைத் தாழ்த்துவதில்லை, வாங்குபவரின் கைக்கணக்கைப் பேசுகிறது. “கனவு இல்லம்” என்பதை நான் தொடவே இல்லை. எல்லாரும் போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்ந்துபோய், கண்ணில் பட்டாலும் மனதில் நிற்காமல் போகிறது.

இனி அந்த 850. அது சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த கணக்கு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுக்கும் உள்பரப்பு, அதாவது கார்பெட் ஏரியா, வெளிச்சுவரையும் பால்கனியையும் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் இந்த வீடு 610 சதுர அடி. முதலில் 610 என்று போட்டால் பக்கத்துக் கட்டடத்தின் 850க்கு முன்னால் நாம் சின்னதாகத் தெரிவோமே என்றார் கட்டுபவர். அவர் சொல்வது உண்மை, அந்த நஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் எண்ணோடு கூடவே ஓர் அறையையும் சொன்னேன். பெரிய படுக்கையறை 10 அடிக்கு 11 அடி. அதில் 5 அடி அகலக் கட்டிலைத் தலைமாட்டுச் சுவர் நடுவே போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி நடக்க மிஞ்சும். கால்மாட்டில் பீரோவை நிறுத்தி கதவைத் திறக்கலாம். சைட்டில் பெண்கள் கையை விரித்து அளந்து பார்த்தது இதைத்தான். சதுர அடி எண் அவர்கள் வாயில் வரவே இல்லை.

ஃப்ளாட் என்றாலே மதுரையில் இன்னொரு தயக்கமும் உண்டு. பரவையில் ஒரு மூணு சென்ட் மனை வாங்கிப் போட்டால் மண்ணாவது நம்முடையது, இது அந்தரத்தில் தொங்குகிற வீடுதானே என்று மாமனார் கேட்பார். பிரசுரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கப்போவது அவர்தான். ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு உண்டு, பத்திரத்திலும் அது எழுதப்படும். 25 சென்ட் என்பது 10,890 சதுர அடி. 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு சுமார் 454 சதுர அடி. இதைச் சதுர அடியில் சொன்னால் மாமனாருக்கு ஏறாது. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று சொன்னால் அவர் மனதிலேயே அந்தப் பகுதியின் சென்ட் விலையைப் போட்டுப் பார்த்துவிடுவார்.

“ரெரா அப்ரூவ்டு” என்பதை நீக்கியதற்குக் காரணம் அது பிழையான வாசகம். ரெரா என்று நாம் சொல்வது அந்த 2016 சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஆணையத்தை. அங்கே நடப்பது பதிவு. கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது வேறு அலுவலகத்தின் வேலை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதும் சட்டம். rera.tn.gov.in என்ற முகவரியையும் எண்ணையும் தலைப்புக்கு நேர் கீழே வைத்தேன். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பிரசுரம் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: விளம்பரத்தில் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு, சொன்னது பொய்யானதால் நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும். அவர் விலக நினைத்தால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். நாம் எழுதும் வரி வீட்டுச் செங்கல் மாதிரிதான், பின்னால் உருவிவிட முடியாது.

மாட்டுத்தாவணிக்கு 15 நிமிடம் என்ற வரியை ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு பைக்கில் சோதித்தேன். 34 நிமிடம் ஆனது. நிமிடத்தை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் நடந்துபோகும் தூரம் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து போட்டோம்: 420. தோப்பூர் எய்ம்ஸ், மெட்ரோ ரயில் என்று வரப்போகிறவற்றைச் சேர்க்கவும் கட்டுபவர் ஆசைப்பட்டார். அவை இந்தக் கட்டடத்திலிருந்து ஊரின் மறுகோடியிலும் எதிர்காலத்திலும் இருப்பவை, நாம் பொறுப்பேற்க முடியாதவை என்று விட்டுவிட்டோம்.

மத்திய அரசின் வட்டி மானியத்தையும் முன்பக்கத்தில் போடவில்லை. பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1.80 லட்சம் வரை கிடைக்கும் என்பது கவர்ச்சியான எண்தான். ஆனால் கடன் 25 லட்சத்தைத் தாண்டக் கூடாது, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் யாருக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. நம் தம்பதி 26 லட்சம் கடன் வாங்கினால் அந்த ஒரு லட்சத்தாலேயே மானியம் போய்விடும். ஆளுக்கு ஆள் மாறும் விஷயத்தைத் தலைப்பில் வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது. உள்பக்கத்தில் விளக்கினோம்.

கடைசியில் முன்பக்கம் இப்படி வந்தது:

“ஒத்தி வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு.

பத்திரம், வரி, கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்து 35.58 லட்சம். வங்கிக் கடன் 26 லட்சம் போக உங்கள் கையிலிருந்து 9.58 லட்சம். அதில் 3.50 லட்சத்தைச் சாவி வாங்கிய 30 நாளில் கொடுங்கள். உங்கள் ஒத்திப் பணம் வரும் வரை பொறுத்திருக்கிறோம். (முதல் 12 வீடுகளுக்கு)

உள்ளே நடக்க, படுக்க, சமைக்க 610 சதுர அடி. நிலத்தில் உங்கள் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மாதத் தவணை சுமார் 22,570 ரூபாய். 20 வருடம், 8.5 சதவீத வட்டிக்கு. உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட உள்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம்.”

உள்பக்கத்தில் உண்மையாகவே அரைப் பக்கம் கோடு போட்டு வெறுமையாக விட்டோம். இரண்டாம் வாரம் ஒரு குடும்பம் அந்தப் பிரசுரத்தோடு வந்தது. கோட்டுக்குள் பென்சிலில் பால், ஸ்கூல் ஃபீஸ், சீட்டு, அம்மா மருந்து என்று எழுதி, கீழே 22,570 போட்டு, கழித்து, மிஞ்சியதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். வட்டி கூடினால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. 9.5 ஆனால் மாதம் 24,235 ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். மனைவி அந்த எண்ணையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு பிரசுரத்தில் ஒரு வரியைச் சேர்த்தோம்: வட்டி ஒரு சதவீதம் கூடினால் தவணை சுமார் 1,670 ரூபாய் கூடும். இந்த எண்களுக்கு ஆயுள் குறைவு. வட்டி மாறும், வழிகாட்டி மதிப்பு மாறும், பத்திரச் செலவு மாறும். அதனால் ஐயாயிரம் அடித்தால் விலை குறையும் என்று அச்சகத்துக்காரர் சொன்னபோதும் 500 மட்டுமே அடித்தோம், ஓரத்தில் கணக்குப் போட்ட மாதத்தையும் வருடத்தையும் குறிப்பிட்டு.